மருத்துவமனை ஃபைலில் தவறான 'அலர்ஜி' பதிவா? திருத்தச் சொல்லி கடிதம் எழுதுவது எப்படி? முழு விவரம்

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் யாருக்காவது உடம்புக்கு ரொம்ப முடியாமல் போனால், அங்கே முதலுதவி கொடுத்துவிட்டு, 108 ஆம்புலன்ஸில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். நோயாளியோடு கூடவே போவது ஒரு ரெஃபரல் சீட்டும், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும்தான்.

நோயாளி பேசும் நிலையில் இல்லை என்றால், கீழே இருக்கும் டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் எல்லாம். அதில் 'அலர்ஜி' என்ற இடத்தில் தவறான மருந்தின் பெயர் இருந்தால் என்ன ஆகும்? அதை யாரிடம் சொல்லி, எப்படித் திருத்துவது? இதற்கு எழுத வேண்டிய கடிதம் எப்படி இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு சின்ன தவறு, இரண்டு ஆபத்து

புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண். மார்ச் 3-ஆம் தேதி காலையில் சரிவில் வழுக்கி விழுந்துவிடுகிறார். முதுகில் கடும் வலி, காலில் வெட்டுக்காயம். மலையில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள்.

டாக்டர் இரண்டு ஊசி எழுதுகிறார். வலிக்கு டைக்ளோஃபெனாக். காயத்துக்கு ஆம்பிசிலின். இந்த ஆம்பிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்டிபயாட்டிக். அதனால் முதலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துவிட்டு பிறகு போடச் சொல்கிறார்.

வலி ஊசி 11.10 மணிக்குப் போடப்படுகிறது. 11.25-க்கெல்லாம் உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு. உடனே அட்ரினலின் கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஒரு நாள் வார்டில் வைத்திருந்து மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் களேபரத்தில் ஆம்பிசிலின் போடப்படவே இல்லை. டெஸ்ட் டோஸ் கூட போடவில்லை.

மறுநாள் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியவர் வேறு ஒருவர். கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார். 'ஊசிக்கு ரியாக்‌ஷன்' என்று இருக்கிறது. மேலே ஆம்பிசிலின் பெயரும் இருக்கிறது. ஊசி அலர்ஜி என்றாலே பென்சிலின்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுகிறார்.

இந்த ஒரு வரியால் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

முதலாவது, உண்மையில் ஒத்துக்கொள்ளாத டைக்ளோஃபெனாக் பற்றி ஃபைலில் எதுவுமே இல்லை. அது சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் வலி மருந்து. அடுத்த முறை முதுகு வலி என்று எந்த ஊரில் போய் நின்றாலும் அதே ஊசி மறுபடி போடப்படலாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையாகவும் கைக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது, தேவைப்படும் நேரத்தில் பென்சிலின் வகை மருந்து அவருக்குக் கிடைக்காமல் போகலாம். டாக்டர் வேறு ஆன்டிபயாட்டிக் எழுதுவார்தான். ஆனால் அது சில நோய்களுக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்யாது, சில நேரம் விலையும் கூடுதல். கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் தொற்று இருந்தால் பரிந்துரைக்கப்படும் மருந்து பென்சிலின் மட்டும்தான். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பாதித்தவர்களுக்கு, காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க முதலில் கொடுப்பதும் பென்சிலின் ஊசியே.

இது அபூர்வமான தவறும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 10 சதவீத நோயாளிகளின் ஃபைலில் 'பென்சிலின் அலர்ஜி' என்று இருக்கிறது. முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் 10-ல் 9 பேருக்கு அந்த அலர்ஜி இல்லை என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விஷயம்.

கடிதம் எழுதும் முன்: இது எந்த வகைத் தவறு?

எல்லா தவறும் ஒரே மாதிரி இல்லை. எந்த வகை என்று தெரிந்தால்தான் கடிதத்தில் என்ன கேட்பது என்பது தெளிவாகும்.

ஒன்று, எழுத்துப் பிழை வகை. மருந்தின் பெயர் மாறியது, தேதி மாறியது, இடது கால் வலது காலானது, அதே பெயருள்ள இன்னொருவரின் ரிப்போர்ட் உங்கள் ஃபைலில் சேர்ந்தது போன்றவை. இவற்றை ஃபைலில் உள்ள வேறொரு காகிதத்தை வைத்தே நிரூபிக்கலாம். மேலே சொன்ன எஸ்டேட் பெண்ணின் கதை இந்த வகை.

இன்னொன்று, மருத்துவ முடிவு வகை. 'எனக்கு சுகர் இல்லை, ஆனால் சுகர்னு எழுதிட்டாங்க' என்பது போன்றது. அமாக்சிசிலின் சாப்பிட்டதும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்ததை 'அலர்ஜி' என்று எழுதியிருப்பதும் இதில்தான் வரும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் பக்க விளைவு. தடிப்பு, முகம் உதடு வீங்குவது, மூச்சு இழுப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவைதான் அலர்ஜியைக் காட்டும் அறிகுறிகள். ஆனால் எது எது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வகையில் 'திருத்துங்கள்' என்று நேரடியாகக் கேட்பதைவிட, 'மறுபடி பரிசோதித்து, முடிவைப் பதிவு செய்யுங்கள்' என்று கேட்பதுதான் பலன் தரும்.

முதல் படி: ஆவணங்களின் நகலை வாங்குங்கள்

பலரும் செய்யும் தவறு, கையில் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்வது. தவறு இருப்பது அந்தச் சம்மரியில். அது தவறு என்பதற்கான ஆதாரமோ கேஸ் ஷீட்டுக்குள் இருக்கிறது.

முக்கியமாகக் கேட்க வேண்டியது, செவிலியர்கள் எழுதும் மருந்து சார்ட். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, யார் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் உதாரணத்தில், டைக்ளோஃபெனாக்குக்கு நேராக 11.10 என்ற நேரமும் கையெழுத்தும் இருக்கும். ஆம்பிசிலினுக்கு நேராகக் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டம்தான் இந்தக் கேஸில் மிகப் பெரிய ஆதாரம். ரியாக்‌ஷன் வந்தபோது டியூட்டி டாக்டர் எழுதிய குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

நகல் தர மருத்துவமனை மறுக்க முடியுமா? முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அங்கீகரித்தவரோ மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுப்பது மருத்துவரின் நடத்தை மீறலாகக் கருதப்படும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அதே மாதத்தில் அவை நிறுத்தி வைக்கப்பட்டதால், 2002 விதிகளே தொடர்ந்தன.

அதே விதிகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வரை பாதுகாக்க வேண்டும் என்பதுதான் அது. அதாவது, அதற்குப் பிறகு ஆதாரமே இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. எனவே தவறு தெரிந்த உடனே கேட்பது நல்லது. வெளிநோயாளி என்றால் ஓ.பி. சீட்டு உங்கள் கையில்தான் இருக்கும். அதைத் தொலைத்துவிட வேண்டாம்.

அரசு மருத்துவமனை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உங்கள் கேஸ் ஷீட் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது.

'அழித்துவிடுங்கள்' என்று கேட்கக் கூடாது. ஏன்?

இதுதான் கடிதத்தின் முக்கியமான இடம். நிறைய பேர் 'அந்த வரியை நீக்கிவிட்டு புது ஃபைல் கொடுங்கள்' என்று கேட்கிறார்கள். மருத்துவமனை மறுத்துவிடுகிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

மருத்துவ ஆவணம் என்பது நீதிமன்றம் வரை போகக்கூடிய சாட்சி. அதில் ஒயிட்னர் பூசுவதோ, மேலே எழுதுவதோ, பக்கத்தைக் கிழிப்பதோ ஆவணத்தைத் திருத்தி மோசடி செய்ததாகப் பார்க்கப்படும். விபத்து, அடிதடி போன்ற போலீஸ் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் இன்னும் கவனமாக இருப்பார்கள்.

சரியான திருத்தம் எப்படி இருக்கும்? காகிதத்தில் என்றால், பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான தகவல், தேதி, நேரம், திருத்திய டாக்டரின் பெயர், கையெழுத்து. கணினியில் என்றால், பழைய பதிவு பின்னால் அப்படியே இருக்கும். 'திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு புதிய பதிவு முன்னால் வரும்.

ஆகவே கடிதத்தில் கேட்க வேண்டியது இப்படி இருக்கலாம்: 'தவறான பதிவைத் திருத்தி, திருத்தக் குறிப்பைச் சேர்த்து, திருத்தப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரி தர வேண்டும்.' இப்படிக் கேட்டால், மருத்துவமனை தன் விதிகளை மீறாமலே உங்கள் கோரிக்கையை ஏற்க முடியும்.

யாருக்கு எழுதுவது?

தவறு செய்த மருத்துவமனைக்குத்தான் எழுத வேண்டும். மலையில் எழுதப்பட்ட சம்மரியை சேலத்தில் உள்ளவர்கள் திருத்த மாட்டார்கள். தங்கள் ஃபைலில் வேண்டுமானால் ஒரு குறிப்பு சேர்த்துக்கொள்வார்கள்.

அரசு மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவர் அல்லது கண்காணிப்பாளர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் கண்காணிப்பாளருக்கு எழுதி, மருத்துவ ஆவணப் பிரிவுக்கு ஒரு நகல். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அலுவலர். தனியார் என்றால் மருத்துவ இயக்குநர் அல்லது நிர்வாகத் தலைவர்.

'எழுதின டாக்டர் டிரான்ஸ்ஃபர் ஆகிட்டாரு' என்ற பதில் வரலாம். பரவாயில்லை. பதிவு மருத்துவமனையுடையது. கேஸ் ஷீட்டைப் பார்த்து, இப்போது பொறுப்பில் இருக்கும் மருத்துவர் தன் பெயரில் திருத்தக் குறிப்பு எழுத முடியும்.

மாதிரி கடிதம்

மேலே சொன்ன உதாரணத்தை வைத்தே ஒரு கடிதம். உங்கள் விவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர்:
(பெயர், வயது, முகவரி, செல்போன் எண்)

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
(மருத்துவமனையின் பெயர், ஊர்)

பொருள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் அலர்ஜி தவறாகப் பதிவானது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: உள்நோயாளி எண் ........, சேர்ந்த நாள் மார்ச் 3, வீடு திரும்பிய நாள் மார்ச் 4.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

நான் மேற்கண்ட நாட்களில் தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். எனக்குக் கொடுக்கப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் 'பென்சிலின் அலர்ஜி' என்று பதிவாகியுள்ளது. இது தவறு.

மார்ச் 3 அன்று காலை 11.10 மணிக்கு எனக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்டது. சுமார் 15 நிமிடத்தில் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு ஏற்பட்டது. அட்ரினலின் கொடுத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆம்பிசிலின் ஊசி எழுதப்பட்டிருந்தாலும், அது எனக்குப் போடப்படவில்லை. டெஸ்ட் டோஸும் போடப்படவில்லை. மருந்து சார்ட்டில் அதற்கான கட்டம் காலியாக உள்ளது.

எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:

1. 'பென்சிலின் அலர்ஜி' என்ற பதிவைத் திருத்தி, அன்று பென்சிலின் வகை மருந்து எனக்குக் கொடுக்கப்படவில்லை என்று திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும்.

2. டைக்ளோஃபெனாக் ஊசிக்கு ஏற்பட்ட ரியாக்‌ஷனை, நேரம், அறிகுறி, கொடுத்த சிகிச்சை ஆகியவற்றுடன் பதிவு செய்ய வேண்டும்.

3. கணினிப் பதிவு இருந்தால் அதிலும் இதே திருத்தத்தைச் செய்ய வேண்டும்.

4. திருத்தப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை, மருத்துவரின் கையெழுத்து, தேதி, முத்திரையுடன் எனக்குத் தர வேண்டும்.

5. திருத்தம் செய்ய இயலாது எனில், காரணத்தை எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, இந்தக் கடிதத்தை என் ஃபைலில் சேர்த்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
(கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை, நாள், இடம்)

இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி நகல், மருந்து சார்ட் நகல், டியூட்டி டாக்டர் குறிப்பு நகல், அடையாள அட்டை நகல்.

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியவை

ஒரு விஷயத்தைப் பாருங்கள். 'எனக்குப் பென்சிலின் அலர்ஜி கிடையாது' என்று கடிதம் சொல்லவில்லை. 'அன்று அந்த மருந்து எனக்குப் போடப்படவில்லை' என்றுதான் சொல்கிறது. முதலாவது மருத்துவ முடிவு, அதை நோயாளி நிரூபிக்க முடியாது. இரண்டாவது நடந்த சம்பவம், அது சார்ட்டிலேயே இருக்கிறது.

அதே மாதிரி, 'டைக்ளோஃபெனாக் அலர்ஜி என்று எழுதுங்கள்' என்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. அது அலர்ஜிதானா, ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற மற்ற வலி மருந்துகளையும் தவிர்க்க வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கு இந்த வகையில் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றவையும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இந்தக் கேள்வியை டாக்டரிடம் நேரில் கட்டாயம் கேட்க வேண்டும்.

கடிதத்தில் கோபமும் இல்லை, நஷ்டஈடு பேச்சும் இல்லை. அந்தப் பேச்சு வந்த உடனே கடிதம் டாக்டரின் மேஜையில் இருந்து வக்கீலின் மேஜைக்குப் போய்விடும். திருத்தம் தள்ளிக்கொண்டே போகும். நஷ்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதத் தெரியாதவர்களுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுக்கலாம். படித்துக் காட்டியபின் நோயாளி கைரேகை வைத்து, எழுதியவரும் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்டால் போதும். குழந்தை என்றால் பெற்றோர் எழுதலாம்.

எப்படிக் கொடுப்பது?

நேரில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அசல் ஆவணம் எதையும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

தபாலில் என்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். பழைய பதிவுத் தபால், 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது.

எத்தனை நாளில் திருத்த வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு குழப்பம் வரும். 72 மணி நேரம் என்பது நகல் தருவதற்கான கெடு. திருத்தம் செய்வதற்கு 2002 விதிகளில் அப்படி ஒரு கெடு சொல்லப்படவில்லை.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தன் தகவல் தவறாக இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமையை 12-வது பிரிவில் தருகிறது. இது கணினியில் உள்ள பதிவுக்கு. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் இந்த உரிமைப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

'ஆபா' எண்ணோடு இணைந்த பதிவு என்றால்? செல்போன் செயலியில் பார்க்கலாமே தவிர, அங்கே நீங்களே திருத்த முடியாது. அந்தப் பதிவை உருவாக்கிய மருத்துவமனைதான் திருத்த வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் இதற்குத் தெளிவான கெடு இருக்கிறது. திருத்தக் கோரிக்கைக்கு 60 நாளில் பதில் தர வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். மறுத்தால், நோயாளி தன் மறுப்புரையை எழுதிக் கொடுத்து ஃபைலோடு சேர்க்கச் சொல்லலாம். மாதிரி கடிதத்தின் 5-வது கோரிக்கையும் இதே பாணிதான். மருத்துவமனை திருத்த மறுத்தாலும், ஃபைலைத் திறக்கும் அடுத்த டாக்டர் கண்ணில் உங்கள் தரப்பு படும்.

பதில் வரவில்லை என்றால்?

15 நாள் பார்த்துவிட்டு, முதல் கடிதத்தின் நகலோடு நினைவூட்டுக் கடிதம் அனுப்பலாம். இந்த 15 நாள் சட்டக் கெடு இல்லை, நடைமுறைக்காகச் சொல்வது.

அதற்கும் பதில் இல்லை என்றால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். அரசு மருத்துவமனைகளைக் கவனிப்பதும், தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு வழங்குவதும் அந்த அலுவலகம்தான். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், முதல்வரின் உதவி எண் 1100-லும் மனு கொடுக்கலாம்.

நகல் தரவே மறுக்கும் டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். தனியார் மருத்துவமனையின் தவறான பதிவால் உண்மையில் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் பொதுவாக நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. இது 1995-ல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொன்னது.

நோயின் பெயரே தவறு என்றால்?

அலர்ஜிக்கு அடுத்து அதிகம் சிக்கல் தருவது, 'ஏற்கெனவே சுகர் உள்ளவர்', '10 வருஷமாக பி.பி.' போன்ற வரிகள். அவசரத்தில் கூட வந்தவர் ஏதோ சொல்ல, அது அப்படியே பதிவாகிவிடும். '1 வருஷம்' என்பது '10 வருஷம்' ஆகவும் மாறும். இன்சூரன்ஸ் கிளைம் போடும்போதுதான் இது வெடிக்கும். பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததை மறைத்துவிட்டதாகச் சொல்லி நிறுவனம் மறுத்துவிடும்.

இங்கே நேரம் ரொம்ப முக்கியம். கிளைம் மறுக்கப்பட்ட பிறகு வாங்கி வரும் திருத்தக் கடிதத்தை நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, பில் கட்டும் முன்பே சம்மரியைப் படித்துப் பார்த்து அங்கேயே கேட்பது நல்லது.

ஆதாரமாக முதன்முதலில் சுகர் கண்டுபிடிக்கப்பட்ட லேப் ரிப்போர்ட், முதல் மருந்துச் சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். சுகரே இல்லை என்பவர்கள், வெறும் வயிற்று ரத்த சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைகளைச் செய்து, மாத்திரை எதுவும் சாப்பிடாத நிலையில் எடுத்தது என்பதையும் குறிப்பிட்டு, டாக்டரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம்.

திருத்தம் நடந்ததா என்று எப்படித் தெரியும்?

'மாத்திட்டோம், போங்க' என்று சொன்னால் கிளம்பிவிடக் கூடாது. புதிய சம்மரியை வாங்கி, அலர்ஜி என்ற இடத்தில் மருந்தின் பெயர், என்ன ஆனது, எப்போது என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டையாக 'அலர்ஜி உண்டு' என்று இருந்தால் அடுத்த டாக்டருக்கு அது உதவாது.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது, கணினியில் என்ன அலர்ஜி காட்டுகிறது என்று செவிலியரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சம்மரி மாறியும் கணினியில் பழையதே இருப்பது வழக்கமாக நடப்பதுதான்.

பழைய சம்மரியைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேலேயே 'இது திருத்தப்பட்டது, புதிய சம்மரியைப் பார்க்கவும்' என்று தேதியோடு எழுதி, இரண்டையும் சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள். பழைய நகல் ஏற்கெனவே சேலத்தில் உள்ள மருத்துவமனைக்கோ, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோ போயிருந்தால், அவர்களுக்கும் புதிய நகலைக் கொடுக்க வேண்டியது உங்கள் வேலைதான். தானாகப் போய்ச் சேராது.

திருத்தம் வரும் வரை என்ன செய்வது?

கடிதம் கொடுத்துவிட்டோம் என்று பென்சிலினைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது கூடாது. டாக்டர் முடிவு சொல்லும் வரை, போகும் இடத்தில் எல்லாம் இரண்டையும் சொல்லுங்கள்: 'டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு 15 நிமிஷத்துல மூச்சு இழுத்துச்சு. ஃபைல்ல பென்சிலின்னு இருக்கு, ஆனா அது எனக்குப் போடவே இல்ல.'

இதையே ஒரு சின்ன அட்டையில் எழுதி, ஆதார் அட்டையோடு பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இன்னொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும். 108-ல் ஏறியதும் 'ஏதாவது மருந்து அலர்ஜி இருக்கா?' என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் கூட வருபவர்தான்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை கேட்கும்போதும் மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லி வாங்குங்கள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில் வரும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'டைக்ளோஃபெனாக்' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.